சாயங்காலம் வரை ஆர்டர் இல்லை: விளம்பரக் கணக்கை எப்போது பார்ப்பது, எதை விட்டுவிடுவது

"அண்ணா, அம்மா சின்னாளப்பட்டியில் எடுக்கும் சுங்குடிச் சேலைகளை வெப்சைட் போட்டு விற்க ஆரம்பித்திருக்கிறோம். பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓட்டி 12 நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு 600 ரூபாய். இதுவரை மொத்தம் 36 ஆர்டர். நேற்று 5 வந்தது, இன்று சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஒன்றுகூட இல்லை. மணிக்கு ஒரு தடவை போனைத் திறந்து பார்க்கிறேன், அதற்குள் நாலு தடவை பட்ஜெட்டை ஏற்றி இறக்கிவிட்டேன். எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? எந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம்? ராத்திரியானால் அம்மா வேறு 'இன்னைக்கு எவ்வளவு ஆச்சு' என்று கேட்கிறார், என்ன சொல்வது?"

தம்பி, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் இரண்டு நிமிடம் பாருங்கள். விளம்பரம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் அது, எதையும் மாற்றுவதற்கு இல்லை. வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை, உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். பட்ஜெட்டை ஏற்றுவது, விளம்பரத்தை நிறுத்துவது மாதிரி முடிவுகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள். இன்று நாலு மணி வரை பூஜ்யம் என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. ஏன் இல்லை என்பது புரிந்துவிட்டால் மணிக்கு ஒரு தடவை போனை எடுக்கும் கை தானாக நின்றுவிடும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

12 நாளில் 36 ஆர்டர் என்றால் சராசரி நாளைக்கு மூன்று. இந்த 'மூன்று' என்பது ஆவின் பால் மாதிரி தினமும் காலையில் வாசலில் வந்து நிற்கும் மூன்று பாக்கெட் இல்லை. உங்கள் விளம்பரத்தை ஒரு நாளில் சுமாராக 200 பேர் தொடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத 200 பேர். அதில் மூன்று பேர் வாங்குகிறார்கள். ஒருத்தருக்கு அன்று கையில் பணம் இருக்கும், ஒருத்தர் 'வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்கு வாங்கலாம்' என்று மூடிவிடுவார், இன்னொருத்தர் குழந்தை அழுதது என்று போனை வைத்துவிடுவார். விளம்பரம் அதே விளம்பரம், சேலை அதே சேலை. ஆனாலும் அன்றைக்கு இரண்டா ஐந்தா என்பது தாயக்கட்டை உருட்டுவது மாதிரிதான்.

இப்படிச் சராசரி மூன்று வரும் விஷயம் நாளுக்கு நாள் எப்படி ஆடும் என்பதற்குப் புள்ளியியலில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுக் கணிதக்காரர் புவாசோன் பெயரில் இருப்பது. அதன்படி, எதுவுமே மாறாமல் உங்கள் விளம்பரம் 100 நாள் ஓடினால், சுமார் 5 நாள் ஒரு ஆர்டர்கூட வராது. 15 நாள் ஒன்றே ஒன்று வரும். இரண்டு வரும் நாள் 22, மூன்று வரும் நாளும் 22. நாலு ஆர்டர் 17 நாள், ஐந்து 10 நாள், ஆறு 5 நாள், மீதி மூன்று நாலு நாளில் ஏழும் அதற்கு மேலும். இதை ரூபாயாக மாற்றிப் பாருங்கள். ஒரு ஆர்டர் வந்த நாளில் 'ஓர் ஆர்டருக்கு 600 ரூபாய் செலவு' என்று திரை காட்டும். ஆறு வந்த நாளில் 100 ரூபாய் என்று காட்டும். முதலாவதைப் பார்த்தால் வயிறு கலங்கும், இரண்டாவதைப் பார்த்தால் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கத் தோன்றும். இரண்டு நாளுமே ஒரே விளம்பரத்தின் சாதாரண நாட்கள்.

இப்போது உங்கள் நாலு மணிக்கு வருவோம். நான் பார்த்த துணிக்கடைக் கணக்குகளில் ஆர்டர்கள் பெரும்பாலும் ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகுதான் விழும். உங்களுக்கும் நாலு மணிக்குள் வருவது நாளின் பங்கில் பத்துக்கு நாலு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதுவரை எதிர்பார்க்க வேண்டியது மூன்று ஆர்டர் இல்லை, ஒன்றேகால்கூட இல்லை, 1.2தான். 1.2 எதிர்பார்க்கும் இடத்தில் பூஜ்யம் வருவதற்கான வாய்ப்பு 30 சதவீதம். பத்து நாளில் மூன்று நாள் நாலு மணி வரைக்கும் உங்கள் திரை காலியாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் போனைத் திறப்பது பயப்படுவதற்கு நேரம் குறித்து வைத்துக்கொள்வது மாதிரி.

இந்தச் சதவீதமெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். கையில் வைத்துக்கொள்ள ஒரு எளிய அளவுகோல் போதும். எத்தனை ஆர்டரோ அதன் வர்க்கமூலம், அதாவது ஸ்கொயர் ரூட், எடுங்கள். அந்த அளவுக்கு மேலேயோ கீழேயோ ஆடுவது தினப்படி நடப்பது. அதன் இரண்டு மடங்கைத் தாண்டினால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். நாளைக்கு மூன்று என்றால் வர்க்கமூலம் 1.7, இரண்டு மடங்கு மூன்றரை. ஆகவே பூஜ்யத்திலிருந்து ஆறு வரை எது வந்தாலும் செய்தி இல்லை. வாரத்துக்கு 21 என்றால் வர்க்கமூலம் நாலரைக்குக் கொஞ்சம் மேல், இரண்டு மடங்கு ஒன்பது. 12 முதல் 30 வரை. பார்த்தீர்களா, ஒரு முழு வாரம்கூட இவ்வளவு ஆடும். போன வாரம் 24, இந்த வாரம் 17 என்றால் 'விளம்பரம் செத்துவிட்டது' என்று சொல்ல முடியாது. இரண்டு வாரத்துக்கு 42 என்றால் இருமடங்கு 13தான், 29 முதல் 55 வரை. இப்போதுதான் ஓரளவுக்குக் கை வைத்துப் பேசலாம். முடிவுகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள் என்று நான் சொன்னது இதனால்தான். நாளைக்கு 30 ஆர்டர் வரும் கடைக்கு இதே தெளிவு ஒன்றரை நாளில் கிடைத்துவிடும். ஆகவே 'எத்தனை நாளைக்கு ஒருமுறை' என்பதைவிட 'எத்தனை ஆர்டருக்கு ஒருமுறை' என்று கேட்டுக்கொள்வது சரி. உங்களுக்கு அது சுமார் 40 ஆர்டருக்கு ஒருமுறை.

இரண்டு விளம்பரப் படங்களை ஒப்பிடும்போதும் இதே கதை. மஞ்சள் சேலைப் படத்துக்கு 12 ஆர்டர், நீலச் சேலைப் படத்துக்கு 8, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே செலவு என்றால், இரண்டையும் கூட்டி 20, அதன் வர்க்கமூலம் நாலரை. வித்தியாசமோ 4. மஞ்சள் ஜெயித்தது என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. 24க்கு 9 என்றால் கூட்டு 33, வர்க்கமூலம் 5.7, வித்தியாசம் 15. இது உண்மையான வித்தியாசம். ஆனால் ஒரே ஆட் செட்டுக்குள், அதாவது ஒரே பட்ஜெட்டில் சேர்ந்து ஓடும் விளம்பரத் தொகுப்புக்குள், இரண்டு படம் போட்டால் பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா இரண்டுக்கும் சமமாகச் செலவழிக்காது, தனக்குப் பிடித்ததற்கு அள்ளிக் கொடுக்கும். அப்போது ஆர்டரை மட்டும் எண்ணிப் பார்ப்பது நியாயமில்லை.

அடுத்த விஷயம் பலருக்கும் தெரியாதது, தெரிந்தவர்களும் மறந்துவிடுவது. நீங்கள் இன்று காலை பார்க்கும் 'நேற்று' இன்னும் முடியவில்லை. மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைத் தொட்டவர் 7 நாளுக்குள் வாங்கினால் அந்த ஆர்டர் விளம்பரத்தின் கணக்கில் சேரும். தொடாமல் பார்த்தவர் என்றால் ஒரு நாள். சேரும்போது அது வாங்கிய தேதியில் எழுதப்படாது, விளம்பரத்தைப் பார்த்த அல்லது தொட்ட தேதியில் போய் விழும். திங்கட்கிழமை தொட்டுவிட்டு, சம்பளம் வந்து வியாழக்கிழமை வாங்கிய அக்காவின் ஆர்டர் திங்கட்கிழமை வரிசையில் ஏறும். ஆக, கடைசி இரண்டு மூன்று நாள் எப்போதும் உள்ளதைவிட மோசமாகத்தான் தெரியும். புதிதாக வருபவர்கள் சதா 'நேற்றிலிருந்து விழுந்துவிட்டது' என்று புலம்புவதில் பாதி இதனால்தான்.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் திங்கட்கிழமைக்கு எத்தனை ஆர்டர் என்று காட்டுகிறதோ அதைக் குறித்துவைத்து, அதே திங்கட்கிழமையை அடுத்த செவ்வாயன்று திரும்பப் பாருங்கள். 1 என்று எழுதிய இடத்தில் 2 அல்லது 3 இருக்கக்கூடும். உங்கள் வெப்சைட்டின் ஆர்டர் பட்டியலும் விளம்பரக் கணக்கும் நாளுக்கு நாள் பொருந்தாததற்கும் இதுவே முக்கியக் காரணம். பட்டியல் வாங்கிய தேதியைச் சொல்கிறது, விளம்பரக் கணக்கு தொட்ட தேதியைச் சொல்கிறது. கூகுள் விளம்பரத்திலும் வழக்கமான `Conversions` நெடுவரிசை தொட்ட தேதிப்படிதான். வாங்கிய தேதிப்படி வேண்டுமென்றால் அங்கே தனியாக `Conversions (by conv. time)` என்று ஒன்று இருக்கிறது.

செலவும் அப்படித்தான் ஆடும். 600 என்று போட்ட நாளில் 870 போயிருக்கிறதே என்று ஒருநாள் நீங்கள் பதறுவீர்கள். 'நாள் பட்ஜெட்' என்ற பெயர்தான் ஏமாற்று. வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்று நினைக்கும் நாளில் மெட்டா 75 சதவீதம் வரை கூடுதலாகச் செலவழிக்கலாம், உங்களுக்கு அது 1,050 ரூபாய் வரை. பதிலுக்கு வேறு நாட்களில் குறைத்துக்கொள்ளும். ஞாயிறு முதல் சனி வரைக்கும் கூட்டினால் ஏழு மடங்கை, அதாவது 4,200ஐத் தாண்டாது. கூகுளில் ஒரு நாளில் இரண்டு மடங்கு வரை போகலாம், கட்டுப்பாடு மாதக் கணக்கில், 30.4 மடங்கு. ஆகவே செலவு ஒருநாள் எகிறினால் விட்டுவிடுங்கள். ஆனால் இதற்கு நடுவில் வாரத்தில் மூன்று தடவை பட்ஜெட்டை மாற்றினால் எந்த வாரத்துக்கு எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

அந்த நாலு மாற்றங்களைப் பற்றி இப்போது பேசியாக வேண்டும். பட்ஜெட்டைப் பெரிய அளவில் மாற்றினாலும், படத்தையோ யாருக்குக் காட்டுவது என்பதையோ மாற்றினாலும், மெட்டா அந்த ஆட் செட்டை, யாருக்குக் காட்டினால் விற்கும் என்று திரும்பவும் கற்றுக்கொள்ளும் கட்டத்துக்கு அனுப்பிவிடும். அந்தக் கட்டத்தைத் தாண்ட ஒரு வாரத்தில் சுமார் 50 ஆர்டர் வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. உங்களுக்கு வாரம் 21தான். அதனால் நீங்கள் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் கொஞ்ச நாளில் `Learning limited` என்று அந்த வரிசையில் எழுதி வரும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 50ஐத் தொட உங்கள் செலவு விகிதத்தில் வாரம் 10,000 ரூபாய் வேண்டும், நாளைக்கு 1,400க்கு மேல். அந்த எழுத்து மறைய வேண்டும் என்பதற்காக மட்டும் பணத்தை ஏற்றுவதில் அர்த்தமில்லை. சிலர், வாங்குபவர்களுக்குப் பதிலாகக் கூடையில் போடுபவர்களைத் தேடச் சொல்லி அமைப்பை மாற்றச் சொல்வார்கள். எண்ணிக்கை ஏறும், எழுத்தும் மறையும். கூடையில் போட்டுவிட்டுப் போகிறவர்களை மெட்டா நிறையவே கொண்டுவரும். சேலை விற்குமா என்பது வேறு. நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பணம் குறைவு என்றால் இரண்டு மூன்று ஆட் செட்டாகப் பிரிக்காமல் ஒன்றிலேயே வைத்திருங்கள், அது போதும்.

இதைவிடப் பெரிய தீங்கு உங்கள் மனதுக்குள் நடக்கிறது. நீங்கள் எப்போது மாற்றுகிறீர்கள்? மோசமான நாளன்று. மோசமான நாளுக்கு அடுத்த நாள், ஒன்றும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் சராசரியை நோக்கித்தான் திரும்பும். மழை வராத கோடையின் உச்சத்தில் ஊரில் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைப்பார்கள், பிறகு என்றைக்காவது மழை வரும், பேர் கழுதைக்குப் போகும். நீங்கள் 600ஐ 450 ஆக்கியிருப்பீர்கள், மறுநாள் நாலு ஆர்டர் வந்திருக்கும், 'குறைத்தால் நன்றாக ஓடுகிறது' என்று ஒரு பாடம் கற்றுக்கொண்டிருப்பீர்கள். அது பாடமே இல்லை. இப்படிக் கற்றுக்கொண்ட பொய்ப் பாடங்களை உதறத்தான் எனக்கு முதல் இரண்டு வருடம் பிடித்தது.

எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதன் பெரும்பகுதி இதற்குள் வந்துவிட்டது. ஒரு தொடுதலுக்கான செலவு 3 ரூபாயிலிருந்து 3.40 ஆனது, ஆயிரம் பேருக்குக் காட்டும் விலை ஒருநாள் ஏறியது, லைக் குறைந்தது, இதெல்லாம் நாள் கணக்கில் பார்க்கவே வேண்டாம். காலண்டரையும் மனதில் வையுங்கள். மாத முதல் வாரத்தையும் 25ஆம் தேதியையும் ஒப்பிடாதீர்கள். ஞாயிறை ஞாயிறோடு வையுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பெரிய கடைகள் எல்லாம் விளம்பர இடத்துக்கான அதே ஏலத்தில் வந்து நிற்பதால் விலை ஏறத்தான் செய்யும், அது உங்கள் குற்றமில்லை.

ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் அதுவும் ஆபத்து. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குழந்தைகள் துணிக்கடைக்கு விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஆறு ஆர்டர் வரும். ஒரு சனிக்கிழமை பூஜ்யம். மேலே நான் உங்களுக்குச் சொன்ன அதே உபதேசத்தைக் கடைக்காரருக்குச் சொன்னேன். ஞாயிறு மதியம் அவர் தங்கை தானே ஒரு சட்டை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பணம் கட்டும் பக்கத்தில் யுபிஐ பொத்தானை அழுத்தினால் வெள்ளைத் திரை வருகிறது. வெள்ளிக்கிழமை இரவு வெப்சைட்டில் யாரோ எதையோ புதுப்பித்திருக்கிறார்கள். ஒன்றரை நாள் விளம்பரப் பணம் வாய்க்காலில் போனது. கடைக்காரர் என்னைத் திட்டவில்லை, அதுதான் அதிகம் உறுத்தியது.

நான் கவனிக்காமல் விட்டது என்ன? சராசரி ஆறு இருக்கும் இடத்தில் பூஜ்யம் வருவது 400 நாளில் ஒரு நாள் நடப்பது. சராசரி மூன்று இருக்கும் உங்களுக்கு அது 20 நாளில் ஒரு நாள். ஒரே பூஜ்யம், இரண்டு கடைக்கு இரண்டு அர்த்தம். அது மட்டுமில்லை, ஆர்டருக்கு முந்தைய படிகளைப் பார்த்திருந்தால் சனிக்கிழமை சாயங்காலமே தெரிந்திருக்கும். அன்று 300 பேர் தொட்டிருந்தார்கள், 220 பேருக்குப் பக்கம் திறந்திருந்தது, 25 பேர் கூடையில் போட்டிருந்தார்கள், 14 பேர் பணம் கட்டும் பக்கம் வரை வந்திருந்தார்கள். எல்லாம் வழக்கமான அளவு. கடைசிப் படியில் மட்டும் பூஜ்யம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தொட்டி, மோட்டார், வால்வு என்று வரிசையாகப் பார்ப்பது போலத்தான் இதுவும். எந்த இடம் வரைக்கும் வந்திருக்கிறது, எங்கே நின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உங்களுக்கு இந்த வரிசை சுமாராக இப்படி இருக்கலாம்: 200 தொடுதல், 150 பக்கத் திறப்பு, 12 கூடை, 6 பணம் கட்டும் பக்கம், 3 ஆர்டர். மேல்படி எண்கள் பெரியவை, ஆகவே குறைவாக ஆடும். 200இன் வர்க்கமூலம் 14தான். அதனால் தொடுதல் 170 என்றால் விடுங்கள், 40 என்றால் ஏதோ உடைந்திருக்கிறது. தொடுதல் 200, `Landing page views` 30 என்றால் உங்கள் பக்கம் போனில் திறக்க நேரமாகிறது அல்லது திறக்கவே இல்லை. எல்லாப் படியும் சரி, ஆர்டர் மட்டும் இரண்டு நாள் தொடர்ந்து பூஜ்யம் என்றால், புள்ளிவிவரம் பார்த்துக்கொண்டிருக்காமல் உங்கள் கடையில் நீங்களே ஒரு சேலை வாங்கிப் பாருங்கள், விளம்பரத்தைத் தொட்டு, போனில், யுபிஐ வழியாக. கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. மேல்படி எண்கள் உடைசலைக் காட்டத்தான் உதவும். லாபமா நட்டமா என்பதை அவை சொல்லாது.

திடீரென்று ஏறினாலும் சந்தேகப்படுங்கள். ஒருநாள் காலையில் விளம்பரக் கணக்கில் ஆர்டர் இரட்டிப்பாகியிருக்கும், அம்மா கட்டிய பார்சலோ அதே மூன்றுதான். 'நன்றி' பக்கத்தில் ஆர்டரை எண்ணி மெட்டாவுக்குச் சொல்லும் பிக்சல் என்ற சின்ன நிரல் இரண்டு தடவை ஓடுகிறது என்று அர்த்தம். வெப்சைட்டில் புதிதாக ஏதாவது ஆப் சேர்த்த மறுநாள் இது நடப்பது வழக்கம். அதை நம்பிப் பட்ஜெட்டை ஏற்றினால் இல்லாத வாடிக்கையாளருக்குப் பணம் கட்டுகிறீர்கள்.

இன்னொன்று, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துவிடலாம். விளம்பரக் கணக்கின் நேரம் இந்திய நேரமாக இருக்கிறதா என்று பாருங்கள். என் முதல் கணக்கில் அமெரிக்க மேற்குக் கரை நேரம் விழுந்திருந்தது. அவர்களுக்கு நள்ளிரவு நமக்கு மதியம் பன்னிரண்டரை, அவர்கள் குளிர்காலத்தில் ஒன்றரை. சோறு உண்ணும் நேரத்தில் தினமும் எல்லாம் பூஜ்யத்துக்குத் திரும்பும், நான் தினமும் பயந்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் ஏன் என்று தெரிந்தது.

இத்தனையும் சொன்ன பிறகு, நீங்கள் மணிக்கொரு தடவை பார்க்கும் எண்ணைவிட முக்கியமான ஓர் எண்ணை நீங்கள் பார்க்கவே இல்லை என்று சந்தேகப்படுகிறேன். ஓர் ஆர்டருக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்? கணக்குக்காக, சேலை 950க்கு விற்கிறது, வாங்கியது 520, பெட்டியும் கூரியரும் 110 என்று வைப்போம். கையில் 320. ஆர்டருக்கு 200 விளம்பரச் செலவு போனால் 120 மிச்சம் என்று தோன்றும். ஆனால் திரையில் தெரியும் 200 வரிக்கு முந்தையது. 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 236. உங்களிடம் ஜிஎஸ்டி பதிவு இருந்து அந்த வரியை ஈடுகட்டினால் வேறு, இல்லாவிட்டால் அது செலவுதான்.

அடுத்தது, பார்சல் வீட்டுக்கு வந்த பிறகு பணம் கொடுக்கும் ஆர்டர்கள். பத்து ஆர்டரில் இரண்டு திரும்பி வந்தால் என்ன ஆகிறது பாருங்கள். எட்டு சேலையில் 320 வீதம் 2,560. திரும்பிய இரண்டிலும் போன கூலி 110, வந்த கூலி 70, ஆக 360 நட்டம். மீதி 2,200, பத்து ஆர்டருக்குப் பங்கிட்டால் 220. அதை 1.18ஆல் வகுத்தால் 186. இதுதான் உங்கள் கோடு. திரை 200 என்று காட்டும்போது, எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைக்கும்போதே, ஆர்டருக்கு 14 ரூபாயும் அதன் வரியும் கையிலிருந்து போகிறது. இது ஒரு நாளின் ஏற்ற இறக்கம் இல்லை, தினமும் போவது. சரிசெய்ய வழி விளம்பரத் திரையிலும் இல்லை. முன்பணம் கட்டுபவர்களுக்கு 40 ரூபாய் தள்ளுபடி, இரண்டு சேலை சேர்த்து வாங்க ஒரு விலை, கூரியருக்கு முன் ஒரு போன் என்று வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் சொந்த எண்களைப் போட்டு இந்தக் கோட்டை ஒருமுறை கண்டுபிடியுங்கள். திரும்பி வரும் பார்சல் வந்து சேர இரண்டு வாரம்வரை ஆகும் என்பதால் மாதம் ஒருமுறை திருத்தினால் போதும்.

இந்தக் கோடு கையில் இருந்தால் புதுப் படம் ஒன்றை எப்போது நிறுத்துவது என்பதும் சுலபம். கோட்டின் நாலு மடங்கு, சுமார் 750 ரூபாய், செலவான பிறகும், தாமதமாக வரும் ஆர்டருக்காக இரண்டு நாள் பொறுத்த பிறகும் ஒன்றுகூட விற்கவில்லை என்றால் நிறுத்துங்கள். நல்ல படத்துக்கு அந்த அளவு துரதிர்ஷ்டம் நேர்வது 100க்கு இரண்டு தடவைதான். மூன்று மடங்கிலேயே நிறுத்தினால் 100க்கு ஐந்து நல்ல படங்களைக் கொன்றிருப்பீர்கள்.

ஆகவே உங்கள் நடைமுறை இப்படி இருக்கட்டும். போனிலிருந்து விளம்பர ஆப்பை எடுத்துவிடுங்கள். காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரில் திறந்து நேற்றைய செலவு, தொடுதல், பணம் கட்டும் பக்கம், ஆர்டர், இந்த நாலை மட்டும் பாருங்கள். மற்ற நெடுவரிசைகளை மறைத்து அந்த அமைப்பைச் சேமித்துவைக்கலாம். விளம்பரம் நிராகரிக்கப்பட்டதா, முன்பணம் தீர்ந்ததா, கார்டு மறுக்கப்பட்டதா என்று ஒரு பார்வை. கீழே யாராவது 'கலர் போகுமா' என்று கேட்டிருந்தால் பதில் போடுங்கள், நீங்கள் தினமும் செய்யக்கூடியவற்றில் உண்மையிலேயே விற்பனைக்கு உதவுவது அதுதான். அப்புறம் மூடுங்கள். இடையில் ஏதாவது உடைந்தால் தெரிய வேண்டுமே என்ற பயம் இருந்தால், `Automated rules` பகுதியில் 'கடைசி 3 நாளில் செலவு 1,200க்கு மேல், ஆர்டர் 1க்கும் கீழ்' என்று ஒரு விதி போட்டு, நிறுத்தச் சொல்லாமல், செய்தி மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் செய்தி வந்தால் பதறலாம், தப்பில்லை.

திங்கட்கிழமை அரை மணி நேரம். போன வாரம் முழுதும் செலவு, ஆர்டர், இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே அதற்கு முந்தைய வாரத்தின் எண்ணைத் திரும்ப எடுத்துத் திருத்துங்கள், அது இப்போதுதான் முழுமை அடைந்திருக்கும். முடிவை அந்தத் திருத்திய எண்ணை வைத்து எடுங்கள். பட்ஜெட்டை ஏற்றினால் ஒரேயடியாக இரட்டிப்பாக்காமல் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றுங்கள், 600 என்றால் 720. ஏற்றிய தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள். இப்போதைக்கு 600இல் நிறுத்திவிட்டு, வரும் இரண்டு திங்கட்கிழமை வரை தொடாதீர்கள். நாலு தடவை மாற்றிய 12 நாள் கணக்கிலிருந்து எந்த முடிவும் எடுக்க முடியாது, அந்த 36ஐச் சராசரிக்கான முதல் மதிப்பீடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் விளம்பரக் கணக்கு எண்ணைச் சொல்லாதீர்கள். அது அவருக்குத் தேவையும் இல்லை, அன்று இரவு அது சரியாகவும் இருக்காது. வெப்சைட்டின் ஆர்டர் பட்டியலைத் திறந்து 'நாளைக்கு நாலு பார்சல் கட்டணும், அதில் இரண்டு மஞ்சள்' என்று சொல்லுங்கள். மஞ்சள் கையிருப்பில் இருக்கிறதா, சின்னாளப்பட்டிக்குப் போன் போட வேண்டுமா என்று அவர் பார்த்துக்கொள்வார்.